பிஎச் தாளைப் படமெடுத்து அளப்பது எப்படி? இட்லி மாவை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பிஎச் தாளை நனைத்து, டப்பாவோடு வரும் நிற அட்டையில் வைத்துப் பார்த்தால் ஒரு எண் கிடைத்துவிடும். அது நாலா ஐந்தா என்று இரண்டு பேர் வாதாடுவதும் அதே மேசையில்தான் நடக்கும். இருவரும் பார்ப்பதற்குள் தாள் காய்ந்து வேறு நிறமாகியிருக்கும். படமெடுத்து வைத்தால் இந்தச் சண்டை தீரும். நனைத்து முப்பதாவது விநாடியில் தாள் என்ன நிறத்தில் இருந்தது என்பது படத்தில் நின்றுவிடும். அட்டையின் இரண்டு கட்டங்களுக்கு நடுவே அது எங்கே விழுகிறது என்பதையும் எண்ணாகவே கணக்கிடலாம்.

ஆனால் படமெடுத்தாலே துல்லியம் வந்துவிடாது. மாணவர்களுக்கு இதைச் செய்துகாட்டிய ஒவ்வொரு முறையும் நான் பார்த்தது ஒன்றுதான். பிழை கணக்கில் வருவதில்லை, படமெடுப்பதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களில் வருகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

எடுத்துக்காட்டாக இட்லி மாவை வைத்துக்கொள்கிறேன். அரைத்தவுடன் ஒரு முறை, பொங்கிய பிறகு ஒரு முறை அளப்போம். மாவு வெள்ளையாக இருப்பதால் தாளின் நிறத்தைக் கெடுக்காது. புளிக்கும்போது பிஎச் நகரும் பகுதியில் தாளின் நிறமும் பச்சை கலந்த மஞ்சளிலிருந்து ஆரஞ்சுப் பக்கம் தெளிவாக மாறும். பழகுவதற்கு இதைவிட நல்ல பொருள் வீட்டில் இல்லை.

## 1. முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

1 முதல் 14 வரை காட்டும் பொது நிறங்காட்டித் தாள் ஒரு சுருளோ புத்தகமோ போதும். லிட்மஸ் தாள் உதவாது. அது அமிலமா காரமா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. கடையில் "பிஎச் தாள்" என்று கேட்டு, டப்பாவில் பல நிறக் கட்டங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

அந்த டப்பாவோடு வந்த நிற அட்டையே வேண்டும். வேறு நிறுவனத்தின் அட்டை, இணையத்தில் கிடைத்த அட்டைப் படம், போன வருடம் தீர்ந்த சுருளின் அட்டை எதுவும் கூடாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் வெவ்வேறு சாயங்களை வெவ்வேறு விகிதத்தில் கலக்கிறார்கள். ஒருவருடைய தாளில் 5 மஞ்சளாக இருக்கும், இன்னொருவருடையதில் ஆரஞ்சாக இருக்கும். அட்டை வெயில் படும் சன்னலோரம் கிடந்து வெளுத்திருந்தால் அதுவும் பயன்படாது.

வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்த தாள் பாதி ஒளி ஊடுருவும் நிலைக்கு வந்துவிடும், அடியில் இருப்பதன் நிறம் மேலே தெரியும். எவர்சில்வர் தட்டில் வைத்தால் தாள் சாம்பல் பூத்துத் தெரிவதோடு, குனிந்து படமெடுப்பவரின் சட்டை நிறமும் அதில் சேர்ந்துகொள்ளும்.

விநாடி காட்டும் கடிகாரம், இடுக்கி, கைபேசி, ஒரு வெள்ளை அட்டைத் துண்டு ஆகியவையும் வேண்டும். முடிந்தால் ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் பிஎச் 4, பிஎச் 7 என்று மாறாமல் நிற்கும் கரைசலைத் தரும் தாங்கல் மாத்திரைகள் வாங்கி, உறையில் சொன்ன அளவு காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வையுங்கள். அவை எதற்கு என்பது ஆறாவது படியில் வரும்.

தாளை விரலால் தொடாதீர்கள். விரல் வியர்வை பட்ட இடம் தனி நிறம் காட்டும். புதிதாக வருபவர்கள் சுருளிலிருந்து தாளைக் கிழித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள், பிறகு தாளின் ஓரம் ஏன் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று கேட்பார்கள்.

## 2. நனைப்பதற்கு முன் வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள்

தாள் நனைந்த கணத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். அதன் பிறகு நல்ல இடம் தேடி வீட்டைச் சுற்ற நேரம் இருக்காது. எனவே முதல் வேலை வெளிச்சம்.

பகலில், நேர் வெயில் விழாத சன்னல் பக்கமாக மேசையைப் போடுங்கள். டியூப் லைட், எல்இடி விளக்கு, கைபேசியின் ஃபிளாஷ் எல்லாம் அணைந்திருக்கட்டும். இதற்குப் பலரும் யோசிக்காத காரணம் ஒன்று உண்டு. தாளில் இருப்பது நிறங்காட்டிச் சாயம், அட்டையில் இருப்பது அச்சு மை. இரண்டும் வேறு வேறு வேதிப்பொருள்கள். பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் சாயமும் மையும் எல்இடி விளக்கின் கீழ் வேறாகத் தெரியலாம். துணிக்கடை விளக்கில் புடவைக்குப் பொருத்தமாகத் தெரிந்த ரவிக்கைத் துணி தெருவுக்கு வந்ததும் பொருந்தாமல் போவது இதே காரணத்தால்தான். இந்த வேறுபாட்டைப் பிறகு எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் வெளிச்சம் தாளையும் அட்டையையும் ஒரே மாதிரி மாற்றுவதில்லை.

அக்கம்பக்கத்து நிறங்களையும் பாருங்கள். ஒரு முறை ஒரு குழு பச்சைத் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து எடுத்த படங்களில் எலுமிச்சைச் சாறுகூடப் பாசி நிறம் காட்டியது. பச்சைச் சுவர், மரநிழல், படமெடுப்பவரின் அடர் நிறச் சட்டை எல்லாமே ஒளியைச் சாயம் ஏற்றி அனுப்புபவை.

இப்போது பீங்கான் தட்டையும் நிற அட்டையையும் ஒட்டினாற்போல் வையுங்கள். தாளை வைக்கப்போகும் இடத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளை அட்டைத் துண்டு இருக்கட்டும். நிற அட்டையிலும் எங்காவது வெள்ளை ஓரம் இருக்கும். இந்த இரண்டு வெள்ளைகளும்தான் பின்னால் வெளிச்சம் சமமாக விழுந்ததா என்று சொல்லும் சாட்சிகள்.

காய்ந்த தாளை வைத்து ஒரு ஒத்திகைப் படம் எடுங்கள். அட்டையின் மேல்பூச்சில் சன்னல் பளபளத்தால், அட்டையைத் திருப்பாதீர்கள், கைபேசியை நகர்த்துங்கள்.

## 3. தாளை மாவில் படவைப்பது

தண்ணீர் போன்ற திரவமென்றால் தாளை ஒரு விநாடி தோய்த்து எடுத்து, விளிம்பை உதறினால் போதும். பல நிறக் கட்டங்கள் ஒட்டிய பிளாஸ்டிக் பட்டைக்கு, டப்பாவில் சொன்ன நேரம் வரை தோய்க்க வேண்டும். சுருள் தாளை அதிக நேரம் ஊறவிட்டால் சாயம் கரைந்து திரவத்துக்குப் போய்விடும், நிறம் வெளுக்கும்.

மாவுக்கு இது சரிப்படாது. மாவில் தோய்த்த தாளின் மேல் மாவு அப்பிக்கொண்டு நிறத்தை மறைக்கும். உடனே எல்லோரும் குழாயடியில் காட்டிக் கழுவுவார்கள். கழுவினால் சாயமும் போகும், குழாய்த் தண்ணீரின் பிஎச்சும் கலந்துவிடும்.

நான் செய்வது இது. ஒரு கரண்டி மாவைப் பீங்கான் தட்டின் ஓரத்தில் மெல்லியதாகப் பரப்புகிறேன். நான்கு சென்டிமீட்டர் தாளை இடுக்கியால் எடுத்து அதன் மேல் படுக்கவைக்கிறேன், அழுத்துவதில்லை. மாவிலுள்ள நீர் அடியிலிருந்து ஊறித் தாளின் மேற்பரப்புக்கு வரும். மாவு கீழேயே நின்றுவிடும். மேல்பக்கம் சுத்தமாக, ஒரே சீராக நிறம் மாறுவதைப் பார்க்கலாம். அடியில் வெள்ளை மாவு இருப்பதால் பின்புலமும் வெள்ளையாகவே அமைந்துவிடுகிறது. மாவு மிகக் கெட்டியாக இருந்து நீர் மேலேறாவிட்டால், கொதிக்கவைத்து ஆறிய நீர் சில துளிகள் சேர்க்கலாம். புளித்த மாவில் அமிலமும் அதன் உப்பும் சேர்ந்திருப்பதால் அந்தச் சில துளிகள் பிஎச்சை நகர்த்தாது.

உப்புப் போடுவதற்கு முன்பே மாவை எடுத்துவிடுங்கள். உப்பு அதிகமான கரைசலில் நிறங்காட்டியின் நிறமாற்றம் சற்று இடம் பெயரும்.

தாள் மாவைத் தொட்ட கணமே கடிகாரத்தைத் தட்டுங்கள்.

## 4. படமெடுத்தல்

தாள், நிற அட்டை, இரண்டு வெள்ளைகள் ஆகிய நான்கும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். கைபேசி ஒவ்வொரு படத்துக்கும் நிறச்சமநிலையையும் வெளிச்ச அளவையும் தானே மாற்றும். அட்டையை ஒரு படமாகவும் தாளை இன்னொரு படமாகவும் எடுத்தால் அவை இரண்டு வேறு அளவுகோல்கள். ஒரே படத்தில் இருந்தால் கைபேசி செய்யும் தவறு இரண்டுக்கும் பொது, ஒப்பிடும்போது பெரும்பாலும் அடிபட்டுப்போகும்.

கைபேசியில் அழகூட்டும் வசதி, நிற வடிகட்டி, காட்சிக்கேற்ப நிறத்தைத் தூக்கிக்காட்டும் வசதி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அவை படத்தின் ஒரு பகுதியை ஒரு மாதிரியும் இன்னொரு பகுதியை வேறு மாதிரியும் மாற்றக்கூடியவை, மேலே சொன்ன "பொதுத் தவறு" என்ற பாதுகாப்பு அதோடு போய்விடும்.

நேர் மேலிருந்து, முப்பது சென்டிமீட்டர் உயரத்தில், உங்கள் நிழல் விழாதபடி எடுங்கள். தாள் படத்தின் நடுவிலும் அட்டை மூலையிலும் இருக்கக்கூடாது, இரண்டும் நடுவை ஒட்டி இருக்கட்டும். லென்ஸின் ஓரங்களில் படம் சற்று இருண்டு விழும்.

டப்பாவில் சொன்ன நேரத்தில் ஒன்று, அதற்கு முப்பது விநாடி கழித்து இன்னொன்று என இரண்டு படம் எடுங்கள். அளவுக்கு முதல் படம், சந்தேகத்துக்கு இரண்டாவது. இரண்டிலும் நிறம் ஒன்றாக இருந்தால் தாள் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் எட்டாவது படியைப் பாருங்கள்.

புதிய தாளில் இதையே மூன்று முறை செய்யுங்கள். ஒரே தாளை மூன்று முறை படமெடுப்பது மூன்று அளவீடு ஆகாது.

## 5. படத்திலிருந்து நிறத்தை எண்ணாக எடுத்தல்

படத்தைக் கணினிக்கு மாற்றி GIMP போன்ற இலவச மென்பொருளில் திறவுங்கள். குறுஞ்செய்திச் செயலியில் அனுப்புவதானால் கோப்பாக இணைத்து அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

GIMP-இல் Color Picker கருவியை எடுத்து, Sample average என்பதைத் தேர்ந்து, சில பத்துப் புள்ளிகளின் சராசரி வருமாறு Radius-ஐக் கூட்டுங்கள். ஒற்றைப் புள்ளியை நம்பாதீர்கள். தாள் என்பது நார்களின் படுகை, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளே கணிசமாக வேறுபடும். எப்போதும் நடுப்பகுதியைத் தொடுங்கள். விளிம்பில் சாயம் திரண்டு கருத்திருக்கும், படக்கோப்பும் விளிம்புகளில் நிறங்களைக் கலந்துதான் சேமிக்கிறது.

முதலில் இரண்டு வெள்ளைகளையும் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 முதல் 255 வரை எண்களாக வரும். அட்டையோரத்து வெள்ளைக்கும் தாள் பக்கத்து வெள்ளைக்கும் இந்த எண்களில் பெரிய இடைவெளி இருந்தால், அதாவது ஒன்று மஞ்சளாகவும் மற்றது நீலமாகவும் சாய்ந்தால், அந்தப் படத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு மீண்டும் எடுங்கள். ஏதாவது ஓர் எண் 255-ஐத் தொட்டிருந்தாலும் அதே கதிதான். அங்கே ஒளி நிரம்பி வழிந்துவிட்டது, உண்மையான அளவு பதிவாகவில்லை.

பிறகு தாளின் நடுப்பகுதியையும், அதற்கு மிக நெருங்கிய இரண்டு அட்டைக் கட்டங்களையும் தொட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பொங்கிய மாவில் எனக்குக் கிடைத்தவை இவை:

பிஎச் 4 கட்டம்: 222, 142, 60
பிஎச் 5 கட்டம்: 220, 178, 70
மாவுத் தாள்: 206, 156, 66

இங்கே பலரும் நேரே கழித்தல் போடுவார்கள். தாளின் சிவப்பு 206, கட்டங்களுடையது 220-க்கு மேல், அப்படியானால் தாள் எந்தக் கட்டத்தோடும் பொருந்தவில்லையே என்று திகைப்பார்கள். தாள் நனைந்திருக்கிறது, நனைந்தது எப்போதும் இருண்டு தெரியும். அட்டையோ காய்ந்தது. ஆகவே பிரகாசத்தை விட்டுவிட்டு, நிறச்சாயலை மட்டும் ஒப்பிட வேண்டும். மூன்று எண்களும் ஒரே விகிதத்தில் குறைந்தால் சாயல் மாறாது, அதுதான் அதன் பயன். மென்பொருளே HSV என்ற தலைப்பின் கீழ் சாயலைப் பாகையில் காட்டும். கையால் போடுவதானால், சிவப்பு பெரியது, நீலம் சிறியது என்று இருக்கும் ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களுக்கு இந்தச் சூத்திரம்:

```
H = 60 * (G - B) / (R - B)
```

மாவுத் தாளுக்கு 60 × 90 ÷ 140, அதாவது 38.6 பாகை. பிஎச் 4 கட்டம் 30.4 பாகை, பிஎச் 5 கட்டம் 43.2 பாகை. தாள் இரண்டுக்கும் இடையே உட்கார்ந்துகொண்டது.

## 6. இரண்டு கட்டங்களுக்கு நடுவே இடம் கண்டுபிடித்தல்

4-லிருந்து 5-க்குப் போகும் வழியில் சாயல் 12.8 பாகை நகர்கிறது. தாள் அதில் 8.2 பாகை வந்திருக்கிறது. 8.2 ÷ 12.8 என்பது 0.64. எனவே பிஎச் 4.64, எழுதும்போது 4.6.

அரைத்த அன்று மாலை எடுத்த படத்தில் பிஎச் 6 கட்டத்தின் சாயல் 59 பாகை, 7 கட்டம் 92 பாகை, தாள் 66 பாகை. 7 ÷ 33 என்பது 0.21, ஆகவே 6.2.

இந்தக் கணக்கு எப்போதும் செல்லாது. நிறங்காட்டிச் சாயம் ஒரே வேகத்தில் நிறம் மாறுவதில்லை, சில இடங்களில் பாய்ந்தும் சில இடங்களில் நகராமலும் இருக்கும். பக்கத்துக் கட்டங்களின் சாயல் இடைவெளி ஐந்து பாகைக்கும் குறைவாக இருந்தால் நடுவே பிரித்துப் பார்ப்பதில் பொருளில்லை, "இந்த இரண்டில் ஒன்று" என்று எழுதி விட்டுவிடுங்கள். கரு நீலம், கரும் பச்சை போன்ற இருண்ட கட்டங்களிலும் சாயல் எண் தள்ளாடும். பிஎச் 1, 2 பக்கம் அடர்சிவப்பில் இன்னொரு பொறி உண்டு. சாயல் 360 பாகையில் முடிந்து 0-இல் தொடங்கும். 356-உம் 4-உம் எட்டே பாகை தள்ளியிருப்பவை, கணக்கு அவற்றை 352 பாகை என்று சொல்லும்.

தாங்கல் கரைசல் இங்கேதான் உதவுகிறது. பிஎச் 4 தாங்கலில் ஒரு தாளை நனைத்து இதே வழியில் அளந்து பாருங்கள். 4.0 வந்தால் நல்லது. 4.4 வந்தால் உங்கள் அட்டையின் மைக்கும் தாளின் சாயத்துக்கும் பொருத்தமில்லை என்று தெரிந்துவிடும். அப்போது அட்டையை நம்புவதைவிட, தாங்கலில் நனைத்த தாள்களையே அதே படத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றை அளவுகோலாகக் கொள்வது மேல். தாளைத் தாளோடு ஒப்பிட்டால் சாயமும் ஒன்று, ஈரமும் ஒன்று. தாங்கல் கிடைக்காதவர்கள் ஒரு தம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைப் புதிதாகக் கரைத்துப் பார்க்கலாம், 8.3-ஐ ஒட்டி வர வேண்டும். சூடாக்கக்கூடாது, சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறிவிடும்.

மூன்று தாள்களில் நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அலகு இடைவெளியில் கட்டங்கள் உள்ள அட்டையில், மூன்றும் அச்சொட்டாக ஒன்றாகவே வந்தாலும் பிழை 0.3-க்குக் குறைவு என்று நான் எழுத மாட்டேன். மூன்று தாள்களும் ஒரே அட்டையின் தவறைப் பகிர்ந்துகொள்கின்றன அல்லவா?

## 7. ஹைட்ரஜன் அயனிச் செறிவாக மாற்றுதல்

```
pH = -log10[H+]
[H+] = 10^(-pH)
```

விரிதாளில் `=10^-4.6` என்று போட்டால் 2.5 × 10⁻⁵ வரும். ஒரு லிட்டரில் அத்தனை மோல் ஹைட்ரஜன் அயனி. சரியாகச் சொன்னால் பிஎச் என்பது செறிவை அல்ல, அயனியின் செயல்திறனைக் குறிப்பது, ஆனால் தாளால் அளக்கும்போது அந்த வேறுபாடு பிழைக்குள்ளேயே அடங்கிவிடும்.

பிழையை எப்படி எழுதுவது என்பதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். பிஎச் 4.6, கூட்டியோ குறைத்தோ 0.3 என்றால் எல்லைகள் 4.3-உம் 4.9-உம். இரண்டையும் தனித்தனியே மாற்றுங்கள். 4.3 என்பது 5.0 × 10⁻⁵, 4.9 என்பது 1.3 × 10⁻⁵. நடு எண்ணிலிருந்து மேலே தூரம் அதிகம், கீழே குறைவு. "கூட்டல் கழித்தல் இவ்வளவு" என்று ஒற்றை எண்ணால் எழுத முடியாது. "2.5 × 10⁻⁵, 1.3 முதல் 5.0 வரை" என்றே எழுதுங்கள். பிஎச்சில் 0.3 என்பது செறிவில் இரண்டு மடங்கு. கணிப்பான் 2.5118864 என்று காட்டியதை அப்படியே நோட்டில் இறக்கிவைப்பவர்கள் உண்டு. முதல் இலக்கமே ஆடிக்கொண்டிருக்கும்போது எட்டாவது இலக்கத்துக்கு என்ன வேலை?

இன்னொரு தவறு சராசரி. தாள் 4-க்கும் 5-க்கும் சரிபாதியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இரண்டு கட்டங்களையும் முதலில் செறிவாக்கி, 10⁻⁴-க்கும் 10⁻⁵-க்கும் சராசரி எடுத்து 5.5 × 10⁻⁵ என்பார். மற்றவர் பிஎச் 4.5 என்று எடுத்து 3.2 × 10⁻⁵ என்பார். இரண்டாமவர் சொல்வதே சரி. தாளின் நிறம் பிஎச்சைத்தான் படிப்படியாகப் பின்தொடர்கிறது, செறிவை அல்ல. நடு இடம் காண்பது, மூன்று தாள்களிலிருந்து ஒன்றைத் தேர்வது எல்லாமே பிஎச்சில் முடிய வேண்டும். செறிவாக்குவது கடைசி வரி.

மாவுக்கு வருவோம். 6.2-இல் செறிவு 6.3 × 10⁻⁷. பொங்கியபின் 2.5 × 10⁻⁵. ஓர் இரவில் ஏறத்தாழ 40 மடங்கு. ஆனால் இரண்டு அளவீட்டிலும் 0.3 பிழை இருப்பதால், வித்தியாசமான 1.6-இல் சுமார் 0.4 ஆட்டம் இருக்கும். அப்போது 40 என்பது 15-லிருந்து 100 வரை எங்கும் இருக்கலாம். இதைக் கேட்டதும் முகம் வாடுபவர்கள் உண்டு. "பத்து மடங்குக்கு மேல்" என்று உறுதியாகச் சொல்லலாம், "40" என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

இந்த எண் மாவிலுள்ள மொத்த அமிலமும் அல்ல. 5 சதவீத வினிகரில் லிட்டருக்கு 0.8 மோலுக்கும் சற்று மேல் அசிட்டிக் அமிலம் இருக்கிறது, அதன் பிஎச் சுமார் 2.4. அதாவது ஹைட்ரஜன் அயனி 0.004 மோல் மட்டும். மீதியெல்லாம் பிரியாமல் அப்படியே கிடக்கிறது. தாள் பார்ப்பது பிரிந்ததை மட்டுமே. புளிப்பு எவ்வளவு என்று கேட்டால் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பார்க்க வேண்டும், அது வேறு சோதனை.

## 8. எங்கே இந்த முறையை விட்டுவிட வேண்டும்

ஆர்ஓ தண்ணீர், மழைநீர், காய்ச்சி வடித்த நீர் ஆகியவற்றைத்தான் எல்லோரும் முதலில் சோதிக்க ஆசைப்படுகிறார்கள். தாள் மிக மோசமாகப் பொய் சொல்வதும் அவற்றில்தான். நிறங்காட்டிச் சாயமே ஓர் மெல்லிய அமிலம் அல்லது காரம். கரைந்த உப்பு ஏதுமில்லாத நீரில் பிஎச்சைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது, ஆகவே தாள் நீரை அளக்காமல் நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அறிகுறி இதுதான்: நான்காவது படியில் எடுத்த இரண்டு படங்களுக்கும் நடுவே சாயல் நகர்ந்துகொண்டே இருக்கும், மூன்று தாள்களும் மூன்று எண் சொல்லும். போதாததற்கு இந்த நீர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். திறந்து வைத்த தூய நீர் 5.6 பக்கம் இறங்குவது இயல்பு.

புளிக்கரைசல், காபி, மஞ்சள் கலந்த எதுவும் தாளில் தன் கறையை ஏற்றும். சந்தேகம் இருந்தால், நிறங்காட்டி இல்லாத வெறும் வடிதாளை அதே திரவத்தில் நனைத்து, அதே படத்தில் பக்கத்தில் வையுங்கள். வடிதாள் வெள்ளையாகவே இருந்தால் கவலையில்லை. பழுப்பாக மாறினால் சாயல் கணக்கு செல்லாது, ஏனென்றால் ஆரஞ்சு என்று நீங்கள் படிப்பதில் பாதி புளியின் நிறம். நீர் விட்டு நிறம் குறைத்து அளக்கலாம், ஆனால் அப்போது கிடைப்பது நீர்த்த கரைசலின் பிஎச்.

பிளீச்சிங் பவுடர் போட்ட தொட்டி நீரில் தாள் முதலில் ஒரு நிறம் காட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுக்கும். குளோரின் சாயத்தையே அழிக்கிறது. முதல் விநாடிப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்திலும் அழிவு தொடங்கியிருக்கும்.

மாவுத் தாளுக்கு மட்டும் ஒரு கடைசிச் சோதனை. அளந்து முடித்ததும் தாளை இடுக்கியால் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே நிறமாக இருந்தால் நீர் முழுதாக ஊறியிருக்கிறது. அடி ஆரஞ்சாகவும் மேல் இன்னும் மஞ்சளாகவும் இருந்தால் நீங்கள் அவசரப்பட்டுப் படமெடுத்துவிட்டீர்கள். மாவில் சில துளி நீர் விட்டு, புதிய தாளோடு மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.